என்விடியா 2024: ஒரே கிண்ணம், இரண்டு வலப்பக்கங்கள்

பங்கின் விலை இறங்கி ஏறி ஒரு கிண்ணம் போலவும், அதன் வலப்புறம் ஒரு சிறு இறக்கம் கைப்பிடி போலவும் தெரியும் கப் அண்ட் ஹேண்டில் சார்ட் வடிவத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கிண்ணத்தின் உருண்டையைத்தான் பார்க்கிறார்கள். ஆழம் எவ்வளவு, எத்தனை வாரம், அடி வட்டமாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆனால் பணம் போடும் முடிவு எடுக்கப்படுவது வலப்பக்கத்தில். அந்த வலப்பக்கத்தை எப்படி எடைபோடுவது என்பதற்கு என்விடியாவின் 2024 ஜூன் முதல் டிசம்பர் வரையிலான சார்ட் நல்ல பாடம். இடப்பக்கம் ஒன்றுதான். வலப்பக்கம் மட்டும் இரண்டு முறை கட்டப்பட்டது, ஒருமுறை ஆகஸ்டில், மறுபடி செப்டம்பர்-அக்டோபரில். ஒரே பங்கு, ஒரே சரிவு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதி. விலைகள் எல்லாம் அந்த ஜூனில் நடந்த ஒன்றுக்குப் பத்து பங்குப் பிரிப்புக்குப் பிந்தையவை.

முதலில் இடப்பக்கம். ஜூன் 20 அன்று 140.76 டாலர் உச்சம். ஆகஸ்ட் 5 அன்று, ஜப்பான் நிக்கேய் 12 சதவீதம் விழுந்த அந்தத் திங்கட்கிழமை, 90.69 வரை போனது. ஆழம் கிட்டத்தட்ட 36 சதவீதம். இந்த வடிவத்தைப் பிரபலமாக்கிய வில்லியம் ஓ'நீல் வழியில் வழக்கமான ஆழம் 12 முதல் 33 சதவீதம். சந்தை முழுக்கக் கலங்கும்போது அதைவிட ஆழமாவதும் உண்டு. ஆகவே ஆழத்தை வைத்து மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. இதைவிட முக்கியமான சங்கடம் வேறு. 2022 அக்டோபர் அடியிலிருந்து இந்த உச்சம் வரை பங்கு ஏறக்குறைய 13 மடங்கு ஏறியிருந்தது. பேஸ் என்பது அடுத்த ஏற்றத்துக்கு முன் விலை ஓய்வெடுக்கும் இத்தகைய வடிவம். நீண்ட ஓட்டத்தின் ஆரம்பத்தில் வரும் பேஸுக்கும் கடைசிப் பகுதியில் வரும் பேஸுக்கும் வெற்றி வாய்ப்பு ஒன்றல்ல. பின்னதில் வலப்பக்கத்திடம் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

ஏன் வலப்பக்கம்? சரிவின்போது 130, 135 என்று மேலே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். விலை மீண்டும் அங்கே வந்ததும், "போட்ட காசு வந்தால் போதும்" என்று விற்பார்கள். அந்தச் சரக்கை யாராவது வாங்கித் தீர்க்க வேண்டும். பெரிய நிதிகள் அதைச் செய்தால் வாங்கும் வாரங்களில் வால்யூம், அதாவது கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை, பெருகும், விற்கும் வாரங்களில் வற்றும். இதற்கு நேரமும் வேண்டும். கைப்பிடி என்று நாம் சொல்லும் சிறிய இறக்கம், மிச்சமிருக்கும் பொறுமையற்றவர்களை உதிர்த்துவிடும் கடைசி இடம். அங்கே வால்யூம் வற்றினால் விற்பவர்கள் தீர்ந்துவிட்டார்கள் என்று பொருள்.

இப்போது ஆகஸ்ட் வலப்பக்கம். 90.69-லிருந்து இரண்டே வாரத்தில் விலை 130 அருகே. ஆகஸ்ட் 26 அன்று 131.26 உச்சம். அடியிலிருந்து 45 சதவீத ஏற்றம், அதுவும் மூன்று வாரத்தில். இடப்பக்கம் விழ எடுத்துக்கொண்டது ஆறரை வாரம். விழுந்ததில் ஐந்தில் நான்கு பங்கை அதில் பாதி நேரத்துக்குள் மீட்டது.

காகிதத்தில் இதற்கு நல்ல மதிப்பெண்தான். உச்சத்திலிருந்து எட்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, குறைந்தபட்சம் ஏழு வாரம் என்ற விதி நிறைவேறிவிட்டது. ஆகஸ்ட் கடைசி வாரங்களில் 123-க்கும் 131-க்கும் இடையே விலை அசைந்தது. கிண்ணத்தின் நடுப்புள்ளி சுமார் 116, ஆகவே இந்தக் கைப்பிடி மேல்பாதியில்தான் இருக்கிறது. இறக்கமும் 6 சதவீத அளவு. கைப்பிடிக்கு 8 முதல் 12 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதால் இது நாசூக்கான கைப்பிடி. சரிபார்ப்புப் பட்டியலை மட்டும் கையில் வைத்திருந்தவருக்கு இது தேறிவிடும்.

ஆனால் பட்டியலில் இல்லாத இரண்டு விஷயங்கள் தெரிந்துகொண்டே இருந்தன. ஒன்று, ஏற்றம் நிற்காமல் நேராக வந்தது. நடுவே ஓர் ஓய்வு இல்லை. மேலே மாட்டியிருந்தவர்கள் வெளியேற, கைகள் மாற, இடமே கிடைக்கவில்லை. இரண்டு, வால்யூம். ஆகஸ்ட் 5 அன்று கைமாறிய அளவை அதற்குப்பின் வந்த எந்த ஏறும் நாளும் தொடவில்லை. விலை 130-ஐ நெருங்க நெருங்க வாங்குவோர் கூட்டம் மெலிந்துதான் போனது. V வடிவ மீட்சியில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. விற்றவர்கள் நின்றதால் விலை ஏறுகிறது, வாங்குபவர்கள் பெருகியதால் அல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கைப்பிடி சரியாக ஆகஸ்ட் 28 காலாண்டு முடிவுக்கு முன்னால் வந்து நின்றது. முடிவு வருவதற்கு முந்தின நாள்களில் பிவட்டுக்கு, அதாவது வடிவம் காட்டும் வாங்கும் புள்ளிக்கு, கீழே வாங்குவது சார்ட் படிப்பது அல்ல, பந்தயம் கட்டுவது. முடிவு வந்த மறுநாள் பங்கு 6 சதவீதத்துக்கு மேல் விழுந்து 117.59-ல் முடிந்தது. செப்டம்பர் 3 அன்று மேலும் 9.5 சதவீதம். செப்டம்பர் 6 அன்று 100.95. இந்த விழும் நாள்களின் வால்யூம், ஆகஸ்ட் ஏற்றத்தின் நாள்களைவிடக் கனமாக இருந்தது. வலப்பக்கத்தில் பெருத்த நாள்கள் எல்லாம் இறங்கும் நாள்களாக இருந்தால், கிண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலகுவதே நல்லது.

இங்கே பிவட் என்ன செய்தது என்று கவனியுங்கள். கைப்பிடியின் உச்சி 131.26, வழக்கப்படி அதற்கு மேல் 10 சென்ட் சேர்த்து 131.36 வாங்கும் புள்ளி. அந்த விலை ஆகஸ்டில் வரவே இல்லை. பிவட்டுக்காகக் காத்திருந்தவர் வாங்கவே இல்லை. "எப்படியும் ஏறப்போகிறது, இரண்டு மூன்று டாலர் மிச்சம்" என்று 128-ல் நுழைந்தவர், 8 சதவீதம் இறங்கினால் விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தால் இரண்டே நாளில் வெளியே. ஸ்டாப் வைக்காதவருக்கு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை.

இனி இரண்டாவது வலப்பக்கம். 100.95 முந்தின அடியைவிட உயரம். 90.69 மறுபடி சோதிக்கப்படவில்லை. செப்டம்பர் 11 அன்று ஒரே நாளில் 8 சதவீத ஏற்றம், வால்யூமும் கனமாக. ஆகஸ்டில் இல்லாத பொருள் இது. பிறகு விலை 127-ஐத் தொட்டு, அக்டோபர் முதல் தேதி அருகே 115 வரை இறங்கியது, கிட்டத்தட்ட 10 சதவீதம். கிண்ணத்தின் நடுப்புள்ளியை உரசி நின்றது. கொஞ்சம் தாழ்வான ஓய்வுதான், ஆனால் அது உடையவில்லை. அங்கிருந்து அக்டோபர் 8 அன்று 132.89-ல் முடிந்தது. ஆகஸ்டின் 131.26 தாண்டப்பட்டது. இதைக் கிண்ணம் என்று சொல்லாமல் இரண்டு அடிகள் கொண்ட டபுள் பாட்டம் என்று வாசித்தவர்களுக்கும் நடு உச்சி அதே 131.26, பிவட் அதே 131.36. பெயரில் சண்டை போட்டு என்ன பயன், எண் ஒன்றே.

இரண்டையும் ஒப்பிட்டால் இரண்டாவது தெளிவாக மேல். சரிவிலிருந்து எழ அதிக நேரம் எடுத்தது, நடுவே ஓய்வெடுத்தது, கனமான ஏறும் நாள் ஒன்று இருந்தது, காலாண்டு முடிவும் தொலைவில் இருந்தது. என் கணக்கில் ஆகஸ்டுக்கு வேண்டாம், அக்டோபருக்குச் சரி, ஆனால் பாதி அளவில். பாதி என்பதற்குக் காரணம் இருக்கிறது.

அக்டோபர் 8 அன்றும், பழைய உச்சிக்கு மேல் முடிந்த அக்டோபர் 21 அன்றும் வால்யூம் சராசரியைத் தாண்டவில்லை. விலை வாங்கும் புள்ளியைத் தாண்டும் பிரேக்அவுட் நாளில் வால்யூம் சராசரியைவிட 40, 50 சதவீதம் கூடுதலாக இருக்கவேண்டும் என்பது ஓ'நீல் வழியின் எதிர்பார்ப்பு. அது இல்லை. பங்கைச் சந்தைக் குறியீட்டோடு ஒப்பிடும் ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்த் கோடும் பின்தங்கியது. ஜூன் 18 அன்று என்விடியா 135.58-ல் முடிந்தது, எஸ் அண்ட் பி 500 குறியீடு அன்று 5487. அக்டோபர் 14 அன்று பங்கு 138.07 என்று புதிய உச்ச முடிவு கண்டது, குறியீடு 5859. பங்கு ஏறியது 2 சதவீதத்துக்கும் குறைவு, குறியீடோ ஏறக்குறைய 7 சதவீதம். விலை புது உச்சம், சந்தையோடு ஒப்பிட்ட வலிமை பழைய உச்சத்துக்குக் கீழே. முன்னணிப் பங்கின் பிரேக்அவுட்டில் இந்தக் கோடு விலைக்கு முன்னால், குறைந்தது கூடவே, புது உச்சம் போகவேண்டும். இங்கே அது நவம்பரில்தான் எட்டிப் பார்த்தது.

நுழையும் இடங்களையும் ஒப்பிட்டுவிடலாம். 131.36-ல் வாங்கியவருக்கு பிவட்டுக்கு மேல் 5 சதவீதம் வரை வாங்கலாம் என்ற எல்லை 138, 7 சதவீத ஸ்டாப் 122 அருகே. சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்த அக்டோபர் 15 அன்று பங்கு 4.7 சதவீதம் சரிந்தும் அந்த ஸ்டாப் பக்கம் வரவில்லை. நவம்பரில் 152.89 வரை, அதாவது 16 சதவீதம் லாபம் காட்டியது. கைப்பிடியைப் பொருட்படுத்தாமல், கிண்ணத்தின் பழைய உச்சி 140.76 உடையட்டும் என்று காத்திருந்தவர் 140.86-ல் நுழைந்தார். அவருடைய 7 சதவீத ஸ்டாப் 131. நவம்பர் வரை கிடைத்த அதிகபட்ச லாபம் 9 சதவீதத்துக்குள், டிசம்பர் நடுவில் விலை 127 வரை இறங்கியபோது ஸ்டாப் அடித்துவிட்டது. கைப்பிடியில் வாங்கியவருக்கும் வழக்கமான 20 சதவீத லாப இலக்கு கிடைக்கவில்லை, ஆனால் அவருடைய ஸ்டாப் பிழைத்தது. டிசம்பர் இறக்கத்தில் அவர் வாங்கிய விலைக்குக் கொஞ்சம் கீழே இருந்தார், அவ்வளவுதான்.

பழைய உச்சி உடைவதை நம்பி வாங்குவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள், நிரூபணம் ஆனபின் நுழைகிறோமே என்று. கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் வேறு வழியில்லை, அங்கே அதுதான் வாங்கும் புள்ளி. ஆனால் கைப்பிடி இருக்கும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள 7 சதவீதம் அப்படியே உங்கள் ஸ்டாப்பின் அகலம். இந்தச் சார்ட்டில் அந்த ஒரு இடைவெளிதான் ஒருவரை உள்ளேயும் மற்றவரை வெளியேயும் வைத்தது. வால்யூமும் ரிலேட்டிவ் ஸ்ட்ரெங்தும் சேர்ந்து ஆமோதித்திருந்தால் 140.86-ல் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இருந்திருக்காது. இரண்டும் இல்லாதபோது, தவறவிட்ட பிவட்டைத் துரத்தி மேலே போய் வாங்குவதைவிட அடுத்த பேஸுக்காகக் காத்திருப்பேன்.