பூஸ்டர் போடுவதா, பட்டை அகலத்தைக் குறைப்பதா? ஏலத்தோட்ட ரேடியோவில் நான் எடுத்த முடிவு

எங்கள் வீடு கம்பத்தில். ஏலத்தோட்டம் கம்பம்மெட்டு தாண்டி, கேரளப் பக்கம். தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, மழை எவ்வளவு என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டு மொட்டை மாடிக்குச் செய்தி வர, SX1276 சிப் உள்ள, குறைந்த பவரில் தொலைதூரம் செய்தி அனுப்பும் இரண்டு லோரா ரேடியோ மாட்யூல்களை 866 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். நேர்க்கோட்டில் 9 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் மலைமுகடு நிற்கிறது. பத்துச் செய்தி போனால் ஐந்தாறுதான் வந்து சேர்ந்தது.

கேபிள் டிவி நடத்திய மாமா ஒருவர் பார்த்துவிட்டு, "ஆன்டெனா அடியில ஒரு பூஸ்டர் போட்டா சரியாப் போயிரும் மாப்ளே" என்றார். அவர் சொன்ன பூஸ்டர், இரைச்சல் குறைந்த முன்பெருக்கி. எல்.என்.ஏ என்பார்கள். இன்னொரு வழி, காசு செலவில்லாமல் பட்டை அகலத்தை, அதாவது ரேடியோ பயன்படுத்தும் அலைவரிசையின் அகலத்தை, 500 கிலோஹெர்ட்ஸிலிருந்து 125 ஆகக் குறைப்பது. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஆன்டெனாவை உயர்த்துவது, பவரைக் கூட்டுவது பற்றி இங்கே எழுதவில்லை. முடிந்தவரை அவற்றை முன்பே செய்தாகிவிட்டது.

முதலில் கணக்கு. எந்த மின்தடையிலும் சூட்டினால் எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து வரும் இரைச்சலின் திறன் kTB. k போல்ட்ஸ்மன் மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை, B பட்டை அகலம். 290 கெல்வினில் ஒரு ஹெர்ட்ஸுக்கு அது -174 டிபிஎம். ரிசீவர் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சலை NF என்றும், செய்தியைப் பிரித்தெடுக்கத் தேவையான சிக்னல்–இரைச்சல் விகிதத்தை SNR என்றும் வைத்தால், உணர்திறன், அதாவது ரிசீவர் எடுக்கக்கூடிய மிகச் சிறிய சிக்னல், இப்படி வரும்:

```
S = -174 + 10*log10(B) + NF + SNR
```

என் மாட்யூலின் NF சுமார் 6 டிபி. SF10 என்ற வேக அமைப்பில் லோராவுக்கு -15 டிபி SNR போதும், அதாவது சிக்னல் இரைச்சலுக்கு 15 டிபி கீழே புதைந்திருந்தாலும் எடுத்துவிடும். 500 கிலோஹெர்ட்ஸில் வெப்ப இரைச்சல் -117, ரிசீவரின் பங்கோடு -111, உணர்திறன் -126 டிபிஎம். 125 கிலோஹெர்ட்ஸில் உள்ளே நுழையும் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகிறது, உணர்திறன் -132. ஆக 6 டிபி லாபம். எல்.என்.ஏ. போட்டால்? அதன் NF 1 டிபி, பெருக்கம் 20 டிபி என்றால் மொத்த NF 6-லிருந்து 1.1 ஆக இறங்கும். லாபம் 4.9 டிபி. தாளில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாமா சொன்னதில் தப்பே இல்லை.

ஆனால் எல்.என்.ஏ. கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. ஆன்டெனாவிலிருந்து வருவது வெறும் kTB மட்டும்தான் என்று அது எடுத்துக்கொள்கிறது. பூஸ்டரால் ரிசீவர் தானாகச் சேர்க்கும் இரைச்சலை மட்டும்தான் குறைக்க முடியும். ஆன்டெனா வழியாக ஏற்கெனவே வந்துவிட்ட இரைச்சலை அது சிக்னலோடு சேர்த்தே பெருக்கும். இதுதான் முடிவைத் தீர்மானித்த விஷயம். இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும்.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டம்மி லோடு என்ற 50 ஓம் மின்தடையைப் போட்டு, செய்தி எதுவும் வராத நேரத்தில் RSSI, அதாவது ரிசீவர் உணரும் திறனின் அளவு, படித்தேன். 500 கிலோஹெர்ட்ஸில் -111 காட்டியது. கணக்கு சொன்ன அதே எண். (இந்தச் சிப்பின் RSSI ஓரிரண்டு டிபி தள்ளிக் காட்டலாம், வித்தியாசத்தைத்தான் நம்ப வேண்டும்.) பிறகு ஆன்டெனாவை மாட்டினேன். -108. மூன்று டிபி ஏறிவிட்டது. சுற்றிலும் எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர் என்று ஊர் முழுக்க இரைச்சல்தான்.

அந்த மூன்று டிபியை வைத்து மறுபடி கணக்குப் போடுங்கள். 3 டிபி கூடினால் திறன் இரண்டு மடங்கு, 6 கூடினால் நான்கு மடங்கு. kTB-ஐ 1 என்று வைத்தால், NF 6 டிபி என்பதால் டம்மி லோடில் மொத்தம் 4. அதில் ரிசீவர் சேர்ப்பது 3. ஆன்டெனாவோடு மொத்தம் 8, எனவே வெளியிலிருந்து வருவது 5. எல்.என்.ஏ. அந்த 3-ஐ 0.3 ஆக்கும். ஆனால் 5 அப்படியே நிற்கும். 8 என்பது 5.3 ஆகிறது, அதாவது 1.8 டிபி மட்டும். நண்பரிடம் எல்.என்.ஏ. இரவல் வாங்கிப் போட்டபோது, வந்த செய்திகளில் SNR ஒன்றரை முதல் இரண்டு டிபிதான் கூடியது. பட்டை அகலத்தைக் குறைத்தால் வெளி இரைச்சலும் சேர்ந்தே குறையும், 6 டிபி முழுதாகக் கிடைக்கும். முன்பு -14, -15 என்று விளிம்பில் தொங்கிய SNR, 125-க்கு மாற்றியதும் -9 பக்கம் வந்து நின்றது. இப்போது செய்தி தவறுவது அபூர்வம்.

எல்.என்.ஏ.வுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. நமக்கு உரிமமின்றிக் கிடைப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். 869-லிருந்து செல்போன் கோபுரங்கள் ஒலிபரப்பும் பட்டை தொடங்குகிறது. பக்கத்தில் கோபுரம் இருந்தால் அகலமான எல்.என்.ஏ. அதையும் வாரி எடுத்துத் திணறும். முன்னால் ஃபில்டர் போடலாம், ஆனால் ஃபில்டரின் இழப்பு அப்படியே NF-இல் ஏறும். கிடைத்த 1.8-இல் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும்.

குறுக்கியதற்குக் கொடுத்த விலை, நேரம். 20 பைட் செய்திக்கு 93 மில்லிசெகண்டாக இருந்தது 371 ஆனது. பேட்டரி போய்விடுமோ என்ற பயத்தில்தான் முதலில் 500 வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு 96 செய்தி, மொத்தம் 36 செகண்ட், ஏறக்குறைய 90 மில்லிஆம்பியர். 1 மில்லிஆம்பியர்-மணி கூட வரவில்லை. வீணாகப் பயந்திருக்கிறேன். மாற்ற வேண்டியது இரண்டு முனையிலும் ஒரே வரி:

```
LoRa.setSignalBandwidth(125E3);
```

தோட்டத்து முனையை முதலில் மாற்றிவிட்டு இறங்குங்கள், இல்லாவிட்டால் இன்னொரு முறை மலை ஏற வேண்டும்.

அப்படியானால் 62.5-க்குப் போய் இன்னும் 3 டிபி எடுக்கலாமே? இரண்டு வாரம்தான் பார்த்தேன், அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். காலையிலும் இரவிலும் நன்றாக வந்தது, உச்சி வெயிலில் விட்டுவிட்டு வந்தது. வெப்பநிலை இங்கேதான் உண்மையில் கடிக்கிறது. தோட்டத்தில் விடியற்காலை 12 டிகிரி, கம்பத்தில் பகல் 38 டிகிரி என்று வைத்தாலும் kT-இல் வித்தியாசம் 0.4 டிபிதான். ஆனால் மாட்யூலின் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் சூட்டில் நகரும். இரண்டு முனைக்கும் 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு, வித்தியாசம் வந்தால் 866 மெகாஹெர்ட்ஸில் அது 17 கிலோஹெர்ட்ஸ். லோரா தாங்குவது பட்டை அகலத்தில் கால் பங்கு. 125-இல் அது 31, தாராளம். 62.5-இல் 15.6, போதாது. வெப்ப ஈடு செய்த கிரிஸ்டல், டி.சி.எக்ஸ்.ஓ., உள்ள மாட்யூல் என்றால் தாங்கும் என்று நினைக்கிறேன்.

எல்.என்.ஏ. ஜெயிக்கும் இடமும் உண்டு. இரவல் கொடுத்த நண்பருக்கு உள்மலையில் தோட்டம். ஊர் இரைச்சல் இல்லை, கோபுரமும் தூரம். நட்டுவைத்த கம்பத்தின் உச்சியில் ஆன்டெனா, கீழே ஷெட்டில் ரிசீவர், நடுவில் 15 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள். அந்தக் கேபிள் மட்டும் 7 டிபி தின்கிறது, அதனால் ஆன்டெனா முனையில் NF 13. எல்.என்.ஏ.வைக் கம்பத்தின் உச்சியிலேயே வைத்தால் அது 1.6 ஆக இறங்கும், கணக்குப்படி 11 டிபி லாபம். ரிசீவர் பக்கத்தில் வைத்தால் கேபிள் இழப்பு அப்படியே நிற்கும். அவர் அதைக் கீழே ஷெட்டுக்குள் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது உச்சியில் கட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.