அழிந்த மீட்டிங் ரெக்கார்டிங்: ஜூம், மீட், டீம்ஸ் எது எத்தனை நாள் காத்திருக்கும்?

ஒரு பயிற்சி வகுப்பின் ரெக்கார்டிங்கை யாரோ மார்ச் 3 அன்று அழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது உங்களுக்குத் தெரியவருவது ஏப்ரல் 4. மீட்க முடியுமா என்பது, வகுப்பு எதில் நடந்தது என்பதைப் பொறுத்தது.

ஜூமில் நடந்திருந்தால் அநேகமாகக் கைவிட்டுப் போயிருக்கும். கிளவுடிலிருந்து அழித்த ரெக்கார்டிங் Trash பகுதியில் 30 நாள் இருக்கும், பிறகு நிரந்தரமாகப் போய்விடும். மார்ச் 3-இல் அழிந்தது ஏப்ரல் 2-ஓடு சரி. நாள் மிச்சமிருந்தால் வேலை சுலபம்: zoom.us தளத்தில் உள்நுழைந்து, ரெக்கார்டிங் பக்கத்தில் Trash தாவலைத் திறந்து, வேண்டியதன் பக்கத்தில் Recover அழுத்தினால் போதும். உங்களால் முடியாவிட்டால் அட்மின், Recording Management பக்கத்தில் இருக்கும் Trash-இலிருந்து எடுத்துக் கொடுப்பார். ஆனால் அவருக்குத் தனியாகக் கூடுதல் நாள் எதுவும் கிடையாது. அவர் பார்ப்பதும் அதே குப்பைத்தொட்டி, அதே 30 நாள். Trash-இலிருந்தும் அழித்துவிட்டால் அதோடு முடிந்தது. இதில் ஒரு நல்ல ஏற்பாடு, நிரந்தரமாக அழிவதற்கு 7 நாள் முன்பு மீட்டிங் நடத்தியவருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வசதி. அமைப்புகளில் அது இயங்குகிறதா என்று பாருங்கள், பெரும்பாலானவர்கள் அந்த மின்னஞ்சலை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள்.

கூகுள் மீட்டில் கதை வேறு. அங்கே ரெக்கார்டிங் என்பது, கூட்டத்தை ஏற்பாடு செய்தவரின் டிரைவில் Meet Recordings ஃபோல்டரில் இருக்கும் ஒரு சாதாரண ஃபைல். அதனால் டிரைவின் விதியே இதற்கும் விதி: குப்பையில் 30 நாள். அதற்குள் என்றால் உரிமையாளரே Restore கொடுத்து எடுத்துவிடலாம். ஏப்ரல் 2-இல் அதுவும் காலியாகிவிடும். ஆனால் அதன் பிறகு அட்மினுக்கு இன்னும் 25 நாள் உண்டு. அட்மின் கன்சோலில் அந்தப் பயனரைத் தேர்ந்து Restore data கொடுத்து, டிரைவைக் குறித்துத் திருப்பி வரவழைக்கலாம். நம் கணக்கில் ஏப்ரல் 27 வரை வழி இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த 25 நாள், ஃபைல் குப்பையை விட்டுப் போன நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அழித்தவர் இடம் காலியாகட்டும் என்று மார்ச் 3 அன்றே குப்பையையும் காலி செய்திருந்தால், அட்மினின் கதவு மார்ச் 28-இலேயே மூடியிருக்கும். டிரைவில் குப்பையில் கிடப்பதும் சேமிப்பு அளவில் கணக்காவதால், இப்படிக் காலி செய்கிறவர்கள் நிறைய. ஜூமில் Trash-இல் கிடப்பது சேமிப்பு அளவில் சேராது, அங்கே அந்த அவசரம் வராது.

மூன்றில் அதிகப் பொறுமை டீம்ஸுக்குத்தான். ரெக்கார்டிங் ஒன்டிரைவிலோ, சேனல் கூட்டமாக இருந்தால் ஷேர்பாயின்டிலோ இருக்கும். அழித்தால் Recycle bin-க்குப் போகும். அங்கிருந்தும் அழித்தால் Second-stage recycle bin என்ற இரண்டாவது தொட்டிக்குப் போகும்; முதல் பக்கத்தின் அடியில் அதற்கான இணைப்பு இருக்கும். இரண்டும் சேர்த்து, முதலில் அழித்த நாளிலிருந்து 93 நாள். முதல் தொட்டியைக் காலி செய்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. நம் ரெக்கார்டிங் ஜூன் 4 வரை கிடைக்கும்.

டீம்ஸில் யாரும் கை வைக்காமலேயே ரெக்கார்டிங் காணாமல் போவதுண்டு. அட்மின் மாற்றாவிட்டால், புதிய ரெக்கார்டிங்குக்கு ஆயுள் 120 நாள். அது முடிந்ததும் தானாகத் தொட்டிக்குப் போய்விடும். அப்படிப் போனதை மீட்டால் காலாவதித் தேதி நீங்கிவிடும், மறுபடி தானாக அழியாது.

ஆக, உங்களுக்கு எதில் நடந்தது என்று நினைவில்லாவிட்டால் முதலில் ஜூமைத் திறந்து பாருங்கள். அங்கேதான் நாள் கெடு கறாரானது, இரண்டாவது வாய்ப்பும் இல்லை. அடுத்து மீட், கடைசியில் டீம்ஸ். எதில் கிடைத்தாலும் உடனே கணினியில் இறக்கி வைத்துவிடுங்கள்.

கூகுளில் அட்மினிடம் போக வேண்டி வந்தால், கூட்டம் நடந்த தேதியை மட்டும் சொல்லாதீர்கள். அவர் அங்கே கொடுக்க வேண்டியது ஃபைல் நிரந்தரமாக நீங்கிய நாளை உள்ளடக்கிய தேதி வரம்பு. ரெக்கார்டிங் யாருடைய டிரைவில் இருந்தது, எப்போது அழிக்கப்பட்டது, குப்பையைக் காலி செய்தார்களா என்ற மூன்றையும் விசாரித்துக்கொண்டு போனால் அவர் சரியான கணக்கில், சரியான நாட்களில் தேடுவார்.