கடிதம் எந்த மேசைக்குப் போகும்? பொருள், பார்வை, இணைப்பு: எதை எப்படி எழுதலாம்

ஒரே ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம். ஒருவர் தன் கடனை மார்ச் 5 அன்று மொத்தமாக அடைத்து முடிக்கிறார். மார்ச் 10 அன்று வழக்கமான மாதத் தவணை 18,640 அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து மறுபடியும் போய்விடுகிறது. இதில் யாருடைய சதியும் இல்லை. தானாகப் பிடிக்கும் தவணைகளின் பட்டியல் சில நாள் முன்னதாகவே அனுப்பப்பட்டிருக்கும், கடன் முடிந்த தகவல் அதைத் துரத்திப் பிடிக்க முடியாமல் போயிருக்கும். பணம் திரும்ப வேண்டும் என்று கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அவர் எழுத வேண்டும்.

பொருள் வரிக்கு மூன்று போட்டியாளர்கள்:

அ. மிக அவசரம்: உடனடிக் கவனத்திற்கு
ஆ. என் கடன் கணக்கு தொடர்பாக
இ. கடன் அடைத்த பின் பிடிக்கப்பட்ட தவணை 18,640-ஐத் திருப்பித் தரக் கோருதல் (கடன் கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் 4471)

முதலாவதை யாரும் அவசரமாக எடுத்துக்கொள்வதில்லை. தபால் பிரிவில் வருவதில் பாதி அவசரம்தான். இரண்டாவது பார்க்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் கடிதங்களைப் பிரிப்பவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. கடன் கணக்கு தொடர்பாக என்றால் வட்டி விகிதமா, முகவரி மாற்றமா, புதுக் கடனா? அவர் கடிதத்தை முழுக்கப் படிக்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. பொதுக் குவியலில் போட்டுவிடுவார். அங்கிருந்து யாரோ ஒருவர் படித்துப் பார்த்து மறுபடி அனுப்ப வேண்டும்.

மூன்றாவதுதான் வேலை செய்யும். என்ன நடந்தது, எவ்வளவு, என்ன வேண்டும் என்ற மூன்றும் இருப்பதால் பணம் திருப்பும் மேசைக்கு நேராகப் போகும். மின்னஞ்சலில் முழுக் கணக்கு எண்ணைப் பொருள் வரியில் போட வேண்டாம். மடலின் உள்ளடக்கத்தைப் பூட்டினாலும் பொருள் வரி பெரும்பாலும் பூட்டப்படாமலேதான் பயணம் செய்யும். கடைசி நான்கு இலக்கம் போதும், முழு எண் உள்ளே இருக்கட்டும்.

‘கோரிக்கை’ என்று எழுதுவதா, ‘புகார்’ என்று எழுதுவதா? இது கொஞ்சம் நுணுக்கமான தேர்வு. பல நிறுவனங்களில் புகார் என்று பதிவானால் அதற்கெனத் தனி வரிசை, தனிக் கெடு உண்டு. ஆனால் அந்த வரிசையில் இருப்பவர் பணத்தைத் திருப்பித் தர முடியாது. தர முடிந்த மேசைக்கு எழுதிக் கேட்டுத்தான் பதில் சொல்வார். ஆகவே முதல் கடிதத்தில் கோரிக்கை, பதில் வராவிட்டால் இரண்டாவதில் முந்தைய கடித விவரத்தோடு புகார். இந்த வரிசைதான் என் தேர்வு. விதிப்படி எழுத்துப்பூர்வமாக மறுப்புத் தெரிவிக்கக் காலக்கெடு நெருங்கினால் மட்டும் முதலிலேயே புகார் என்று எழுதிவிட வேண்டும்.

அடுத்தது ‘பார்வை’ வரி, அதாவது அதில் குறிப்பிடும் எண்கள். பெரும்பாலான கடிதங்கள் வழி தவறுவது இங்கேதான், ஏனென்றால் எண் வெறும் அடையாளம் மட்டுமல்ல, மேசையைத் தேர்ந்தெடுப்பதும் அதுவே. நம் ஆளிடம் நான்கு எண்கள் இருக்கின்றன: வாடிக்கையாளர் எண், சேமிப்புக் கணக்கு எண், கடன் கணக்கு எண், மார்ச் 10 பரிவர்த்தனையின் எண்.

பணம் போனது சேமிப்புக் கணக்கிலிருந்துதானே என்று அந்த எண்ணை முதலில் எழுதத் தோன்றும். எழுதினால் கடிதம் சேமிப்புக் கணக்குப் பிரிவுக்குப் போகும். ‘நீங்கள் கொடுத்த ஒப்புதலின்படிதான் பணம் பிடிக்கப்பட்டது, கடன் பிரிவை அணுகவும்’ என்று பதில் வரும். பதில் தவறில்லை, பயன்தான் இல்லை. வாடிக்கையாளர் எண்ணை மட்டும் எழுதினால் ஆளைக் கண்டுபிடிப்பார்கள், ஆனால் அவருக்கு இருக்கும் கணக்குகளில் எது என்று தேட வேண்டியிருக்கும். பணம் இப்போது உட்கார்ந்திருப்பது கடன் கணக்கில், ஆகவே அந்த எண்தான் முதலில். அதன் பிறகு பரிவர்த்தனை எண், தொகை, தேதி. கடைசியில், கடன் முடிந்ததாக அவர்களே அனுப்பிய கடிதத்தின் எண்ணும் தேதியும். அவர்கள் வாயால் சொன்னதை அவர்களுக்கே காட்டுவது போல வலுவான வரி வேறில்லை.

எண்களைக் கையால் திருப்பி எழுதாமல் அப்படியே நகலெடுங்கள். முன்னால் இருக்கும் சுழியங்களை விட்டுவிடக் கூடாது. எக்செலில் ஒட்டி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது எண்ணாகக் கருதும் எதிலும் 15 இலக்கங்கள் வரைதான் சரியாக வைத்திருக்கும், அதற்கு மேல் உள்ளவை சுழியமாகிவிடும். நீளமான பரிவர்த்தனை எண் சுழியங்களில் முடிந்தால் சந்தேகப்படுங்கள்.

இணைப்புப் பட்டியலுக்கும் மூன்று வழிகள் உண்டு. ‘இணைப்பு: மேற்கண்டவாறு’ என்பது ஒன்று. ‘இணைப்பு: 3’ என்பது இன்னொன்று. பெயர் சொல்லி, பக்க எண்ணிக்கையோடு வரிசைப்படுத்துவது மூன்றாவது:

இணைப்பு 1: கடன் முடிந்ததற்கான உங்கள் கடிதம், நகல், 1 பக்கம்
இணைப்பு 2: மார்ச் மாதச் சேமிப்புக் கணக்கு அறிக்கை, 2 பக்கங்கள் (மார்ச் 10 வரி குறியிடப்பட்டது)
இணைப்பு 3: மார்ச் 5 அன்று மொத்தத் தொகை செலுத்திய ரசீது, நகல், 1 பக்கம்

வெறும் எண்ணிக்கை ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை, ஒன்று குறைந்தால் தெரியும். ஆனால் குறைந்தது எது என்று தெரியாது. மூன்றாவது வழியில் தாள்களைப் பெறுபவரே விடுபட்டதைப் பிடித்துவிடுவார். இல்லாவிட்டால் கடிதம் பல நாள் காத்திருந்து, முடிவெடுக்கும் அதிகாரி கையில் போன பிறகுதான் ‘ரசீது இல்லை’ என்று திரும்பி வரும். முடிவை மாற்றும் ஆவணம் முதலில் இருக்கட்டும். கடிதத்துக்குள்ளும் ‘இணைப்பு 2 பார்க்க’ என்று குறிப்பிடுங்கள். ஸ்கேன் செய்யும்போது தாள்கள் பிரிந்துபோவது சகஜம், ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கடன் கணக்கு எண் வேண்டும். அசலைத் தராதீர்கள்.

மின்னஞ்சலில் வேறொரு தொல்லை. கணக்கு அறிக்கைகள் பெரும்பாலும் கடவுச்சொல் பூட்டோடுதான் கிடைக்கும். அப்படியே அனுப்பினால் எதிர்முனையில் திறக்காது, சில இடங்களில் பாதுகாப்புச் சோதனையே தடுத்துவிடும். பூட்டு இல்லாத படியில் தேவையான பக்கத்தை மட்டும் அனுப்பினால் போதும்.

அதே ஆளுக்கு நிலுவை இல்லை என்ற சான்றிதழும் வேண்டியிருக்கிறது. ஒரே கடிதத்தில் கேட்டால் தபால் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அது வேறு மேசை. எது முதலில் முடிகிறதோ அதோடு கோப்பு மூடப்படும், மற்றது தொலைந்துபோகும். இரண்டு கடிதம், இரண்டு பொருள் வரி.

அப்புறம், அவர்கள் பதிலில் பொருள் வரியில் சதுர அடைப்புக்குள் ஒரு எண் வந்தால், அந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். ‘இரண்டாவது நினைவூட்டல்’ என்று புதுப் பொருள் வைத்துப் புது மடல் அனுப்பினால் கணினி அதைப் புது விவகாரமாகப் பதிவுசெய்து வேறொருவரிடம் கொடுத்துவிடும். அவர் இணைப்புகளை மறுபடி கேட்பார்.