தேர்தல் நேரத்துப் போலி வீடியோ: கண்டறியும் கருவியா, மூல வீடியோவைத் தேடுவதா?

கருவியில் வீடியோவை ஏற்றினால் 'போலியாக இருக்க வாய்ப்பு இத்தனை சதவீதம்' என்று ஓர் எண் வரும். வேகம் அதன் பலம். மூல வீடியோவைத் தேட ஒரு மணி நேரமும் ஆகலாம், அரை நாளும் போகலாம். ஆனாலும் என் ஓட்டு தேடலுக்குத்தான்.

2024 ஏப்ரலில் பரவிய ரன்வீர் சிங் வீடியோவையே பாருங்கள். 41 விநாடிகளில் அவர் பிரதமர் மோடியைக் குறை சொல்லி, காங்கிரசுக்கு ஆதரவாகப் பேசுவதுபோல் இருந்தது. இப்படி ஒன்று வந்தால் இன்விட் என்ற உலாவி நீட்டிப்பில் ஏற்றி, முக்கியச் சட்டகங்களைப் பிரித்து, முகமும் மைக்கும் பின்னணியும் தெளிவாகத் தெரியும் இரண்டு மூன்றை கூகுள் லென்ஸில் தேட வேண்டும். ரன்வீர் விஷயத்தில் மூலம் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் எடுத்த வாரணாசிப் பேட்டி. அதில் அவர் மோடியைப் பாராட்டியிருந்தார். படம் உண்மை, குரல்தான் போலி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, அதே சட்டை, அதே தலையசைவு, வேறு சொற்கள் என்று காட்டலாம். மூலத்தின் இணைப்பையும் நிமிடக் கணக்கையும் கொடுத்துவிட்டால் வாசகரே சரிபார்ப்பார். 'கருவி 87 சதவீதம் என்கிறது' என்று எழுதினால் அவர் எதைச் சரிபார்ப்பார்?

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் விஷயம் இன்னொன்று: வெட்டி ஒட்டுவதற்கு ஏஐயே தேவையில்லை. அதே ஏப்ரலில் அமித் ஷா எஸ்சி, எஸ்டி, ஓபிசி இட ஒதுக்கீட்டை ரத்து செய்யப்போவதாகச் சொன்னது போன்ற துண்டு பரவியது. 2023இல் தெலங்கானாவில் அவர் முஸ்லிம் இட ஒதுக்கீடு பற்றிப் பேசியதை வெட்டிச் செய்தது அது. குரலும் முகமும் அவருடையவைதான். செயற்கைக் குரலைத் தேடும் கருவி இதில் 'போலி இல்லை' என்று சொல்லக்கூடும். கட்சிக்காரர்கள் அதையே சான்றிதழாகப் பரப்புவார்கள். முழு உரையைக் கேட்டவருக்கு மட்டுமே வெட்டு தெரியும்.

வாட்ஸ்அப்பில் கைமாறிய கோப்பு சுருங்கியிருக்கும், பின்னணியில் மேளமும் இருக்கும். இவை கருவியின் கணிப்பைக் குலைக்கும். கிடைப்பதிலேயே தெளிவான பிரதியைத்தான் ஏற்ற வேண்டும்.

ஆனால் வெறும் ஒலிப்பதிவில் தேடல் கைவிடுகிறது. ஸ்லோவாக்கியாவில் 2023 செப்டம்பர் 30 வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, புரோக்ரசிவ் ஸ்லோவாக்கியா கட்சித் தலைவர் மிகால் ஷிமெச்காவும் ஒரு பத்திரிகையாளரும் வாக்குகளை விலைக்கு வாங்கப் பேசுவதுபோல் ஓர் ஒலி வந்தது. ஒப்பிட்டுக் காட்ட மூலமே இல்லை. அத்துடன் பிரசாரத் தடைக் காலம் வேறு, மறுப்பைப் பரப்புவதும் கடினம். அங்கே கருவியும் தடயவியல் நிபுணரும்தான் கதி. இந்தியாவில் வாக்காளர்கள் சந்தேகமான கோப்பை, ஏஐ போலிகளைப் பரிசோதிக்கும் டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட்டின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். பதில் வரும்வரை அதை வேறு குழுவுக்கு அனுப்பாமல் வைத்திருக்க வேண்டும், 'இது உண்மையா?' என்ற கேள்வியோடுகூட.