பருவக்காற்றைத் தாங்கும் கொடிச்சட்டம்: ரீப்பர் பின்னலா, கம்பியா?

சுவரையொட்டிக் கொடி ஏற்ற 180 செ.மீ. உயரமும் 120 செ.மீ. அகலமும் கொண்ட சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உட்புறத்தை ரீப்பர்கள் என்னும் மெல்லிய மரப்பட்டிகளால் கட்டம்கட்டமாக நிரப்பலாம், அல்லது வெளிச்சட்டத்தை மட்டும் ரீப்பரில் செய்து உள்ளே கம்பி கட்டலாம். கம்பியினூடே காற்று புகுந்து போய்விடும் என்பதால் அதுவே பாதுகாப்பானது என்று சொல்வதுண்டு. சட்டம் வெறுமையாக நிற்கும் வரைதான் அது உண்மை. கொடி அடர்ந்துவிட்டால் இரண்டுமே காற்றைப் பிடிக்கும் கப்பல் பாய்தான். மணிக்கு 90 கி.மீ. காற்று நேராக மோதினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 38 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் உண்டாகும். இலை மூடிய இந்தச் சட்டத்துக்கு அது 80 கிலோவைத் தாண்டும். எனவே வேறுபாட்டை இணைப்புகளில்தான் தேட வேண்டும்.

20 செ.மீ. இடைவெளியில் பின்னினால் உட்புறத்தில் மட்டும் 40 குறுக்கு இணைப்புகள் வரும். ஒவ்வொன்றிலும் இரண்டு ரீப்பர்கள் ஒட்டிக்கிடக்கும் இடுக்கில் மழைநீர் தேங்கி, வெயிலிலும் எளிதில் காயாமல், அங்கிருந்தே மரம் உளுக்கத் தொடங்கும். இணைப்புக்கு ஒரே திருகு போட்டால், காற்றின் ஆட்டத்தில் கட்டங்கள் சாய்சதுரமாகக் கோணும். இரண்டு திருகுகளை மூலைவிட்டமாகப் போட்டால் கோணாது, ஆனால் முன்துளை இடாத மெல்லிய ரீப்பர் பிளந்துவிடும். 4 மி.மீ. திருகுக்கு 2.5 மி.மீ. முன்துளை போதும். இத்தனை துளைகளுக்குப் பொறுமை வேண்டும் என்பது வேறு விஷயம்.

கம்பிச் சட்டத்தில் இணைப்புகள் குறைவு. ஆனால் அவற்றின் மீது விழும் பாரம் அதிகம். கம்பிகளை முறுக்கேற்றும்போது மேல், கீழ் ரீப்பர்கள் உள்நோக்கி வளைகின்றன. ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த வளைவு உடனே தெரியும். நடுவில் செங்குத்தாக ஒரு ரீப்பரைச் சேர்த்து, அதன் இருபுறமும் இரண்டிரண்டு கம்பிகள் கட்டினால் வளைவு பெருமளவு குறையும். மூலைகளில் பக்கவாட்டிலிருந்து ரீப்பரின் முனைக்குள் திருகு ஏற்றுவது பெரும்பிழை. முனையில் மரத்தின் நார்கள் திருகின் திசையிலேயே ஓடுவதால் பிடிப்பு குறைந்து, ஆட்டத்தில் திருகு மெல்ல வெளியே வந்துவிடும். ஒரு ரீப்பரின் மேல் மற்றொன்றைக் கிடத்தி முகப்பிலிருந்து இரண்டு திருகுகள் போடுவதே சரி. ரீப்பர் 20 மி.மீ. கனமானால் 35 மி.மீ. நீளத் திருகு பொருந்தும். திருகும் கம்பியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பூச்சு உரிந்த சாதாரணத் திருகு துருவேறித் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் நலிவிக்கும்.

பாகல் போன்ற பற்றுச்சுருள் கொடிகளுக்கு நான் தயங்காமல் கம்பியையே தேர்ந்தெடுப்பேன். அகலமான ரீப்பரைச் சுற்றிவளைக்க அந்தச் சுருள்களால் முடியாது. தளர்ந்த கம்பியை மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடியும், பின்னலில் நடுவே ஒரு ரீப்பர் உளுத்தால் பாதியைக் கழற்ற நேரிடும். தானாகப் பற்றாமல் கட்டிவிட வேண்டிய, தண்டு முதிர்ந்து கனக்கும் காகிதப்பூவுக்குப் பின்னலே மேல், ஏனெனில் காற்றில் ஆடும் அதன் தண்டைக் கம்பி அராவிப் பட்டையைக் கிழித்துவிடும்.

எதைச் செய்தாலும் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே 5 செ.மீ. கட்டை வைத்து ஆறு இடங்களில் பொருத்த வேண்டும். முதல் பெருங்காற்று ஓய்ந்ததும் சட்டத்தைக் கையால் அசைத்துப் பார்க்கும்போது, திருகின் தலையைச் சுற்றிப் புதிதாக ஒரு இடைவெளி தெரிந்தால், அந்த இணைப்பு இளகத் தொடங்கிவிட்டது; அதே துளையில் மீண்டும் முறுக்காமல், சற்றுத் தள்ளி நல்ல மரத்தில் புதுத் துளையிட வேண்டும்.