கிரிப்டோ உங்கள் கையில் எத்தனை நேரம் இருக்கும்? சிறு கடைக்கான மூன்று வழிகள், ஒரே கணக்கில்

கிரிப்டோவில் பணம் வாங்கலாம் என்று யோசிக்கிற கடைக்காரர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்தக் காயினை வாங்கலாம்?" என்பதுதான். அது இரண்டாவது கேள்வி. வந்த காயின் விற்றுப் பணமாகும் வரை எத்தனை நேரம் உங்களிடம் இருக்கப் போகிறது, கால் மணி நேரமா, ஒரு நாளா, ஒரு வாரமா என்பதுதான் முதல் கேள்வி. விலை ஏற்ற இறக்கம் உங்களைக் கடிக்குமா கடிக்காதா என்பது அதில்தான் இருக்கிறது. (உங்கள் நாட்டில் கடைகள் கிரிப்டோ வாங்கச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பார்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதே இல்லை.)

வழிகள் மூன்று. முதலாவது, பேமென்ட் கேட்வே: வாடிக்கையாளர் பிட்காயின் அனுப்புவார், நிறுவனம் அதை அப்போதே விற்று உங்கள் வங்கிக் கணக்கில் உள்ளூர்ப் பணமாகப் போடும். இரண்டாவது, சொந்த வாலட்: பிடிசிபே சர்வர் மாதிரி இலவசத் திறமூல மென்பொருளை நீங்களே நிறுவி, காயினை நேரடியாக உங்கள் வாலட்டில் வாங்கி, பிறகு எக்ஸ்சேஞ்சில் விற்பது. மூன்றாவது, டாலர் மதிப்பில் நிற்கும் USDT, USDC போன்ற ஸ்டேபிள்காயின்களை வாங்குவது.

மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு கடைக்கு வாரத்தில் 20 பேர் கிரிப்டோவில் வாங்குகிறார்கள், ஒவ்வொருவரும் 1,000 அலகுக்கு என்று வையுங்கள். அலகு என்பது உங்கள் ஊர்ப் பணம், எதுவானாலும் சரி. மொத்தம் 20,000. அதில் லாபம் 12 சதவீதம், அதாவது 2,400. ஒரு பிட்காயின் பத்து லட்சம் அலகு என்று கொண்டால், ஒரு விற்பனை 0.001 பிட்காயின்.

கேட்வேயில் கமிஷன் ஒரு சதவீதம் என்றால் வாரத்துக்கு 200 போகும், கதை முடிந்தது. இன்வாய்ஸ் திரையில் வந்த நொடியில் விலை பூட்டப்படும், வழக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு. அதற்குள் வாடிக்கையாளர் அனுப்பிவிட்டால் விலை எங்கே போனாலும் உங்களுக்கு வருவது அதே தொகை.

"அந்த 200-ஐ ஏன் கொடுக்க வேண்டும்?" என்றுதான் பலரும் இரண்டாவது வழிக்குப் போகிறார்கள். போய்ப் பார்ப்போம். எக்ஸ்சேஞ்ச் கமிஷன் 0.4 சதவீதம் என்றால் 80 ஆகும். வாலட்டிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்ப நெட்வொர்க் கட்டணம் உண்டு, பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பிட்காயினில் கட்டணம் தொகையைப் பார்த்து வராது, பரிவர்த்தனைத் தரவின் எடையைப் பார்த்து வரும். 20 பேர் தனித்தனியாக அனுப்பிய தொகைகள் உங்கள் வாலட்டில் 20 தனித்தனிச் சில்லறைகளாகவே கிடக்கும். சேர்த்து அனுப்பும்போது ஒவ்வொரு சில்லறையும், நவீன வகை முகவரியில்கூட, ஏறக்குறைய 68 vByte எடையைக் கூட்டும். இருபதுக்கும் சேர்த்து 1,400 அளவில் வரும். நெட்வொர்க் அமைதியாக இருந்து ஒரு vByte-க்கு 5 சடோஷி, அதாவது ஒரு பிட்காயினின் பத்துக் கோடியில் ஐந்து பங்கு, என்றால் மொத்தம் 7,000 சடோஷி, நம் கணக்கில் 70. நெரிசல் நாளில் அதுவே 100 சடோஷி என்றால் 1,400! அந்த வார லாபத்தில் பாதிக்கு மேல் அனுப்புவதற்கே போய்விடும்.

சரி, அமைதியான நாளாகவே இருக்கட்டும். 80-ம் 70-ம் 150, ஆக மிச்சம் பிடித்தது 50. எக்ஸ்சேஞ்சிலிருந்து வங்கிக்கு எடுக்கும் கட்டணத்தை இதில் சேர்க்கவே இல்லை. இந்த 50-க்காக எதைச் சுமக்கிறீர்கள் என்று பாருங்கள். பிட்காயின் ஒரு நாளில் சராசரியாக 3 சதவீதம் மேலேயோ கீழேயோ அசைகிறது என்று வைத்துக்கொண்டால், வாரம் முழுக்கச் சேர்த்துக் கடைசி நாளில் விற்கும்போது மொத்தத் தொகை சுமார் நாலரை சதவீதம் இப்படியோ அப்படியோ ஆடும். 20,000-க்கு அது 900. இது சாதாரண வாரத்துக்கு மட்டும். 2020 மார்ச் 12 அன்று பிட்காயின் ஒரே நாளில் தன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. 12 சதவீத லாபத்தில் ஓடும் கடைக்கு அப்படி ஒரு நாள் வந்தால் அந்த வாரம் போட்ட முதலிலேயே கை வைக்க வேண்டியதுதான்.

அதே சொந்த வாலட்டை வைத்துக்கொண்டு தினமும் இரவில் விற்றால்? ஆட்டம் வாரத்துக்கு சுமார் 130 அலகாகக் குறைகிறது. காயின் கையில் இருக்கும் நேரம் குறைகிறது, ஒரு நாள் சறுக்கினால் இன்னொரு நாள் ஈடு கட்டுகிறது, ஒரே நாளின் விலையில் மொத்தத்தையும் தொங்கவிடுவதில்லை. நெட்வொர்க் கட்டணமும் பெரிதாகக் கூடாது, ஏனென்றால் எடையில் பெரும்பகுதி அந்த 20 சில்லறைகள்தான், அவற்றை ஒரே தடவையில் அனுப்பினாலும் ஏழு தடவையாக அனுப்பினாலும் எண்ணிக்கை ஒன்றே. ஆனால் தினமும் ஒருவர் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டும், அந்த ஆளுடைய நேரத்துக்கு யாரும் விலை போடுவதில்லை.

கால் மணி நேர விலைப்பூட்டு ஏன் போதுமானது என்பதும் இதே கணக்கில் புரியும். அசைவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடும். ஒரு நாளில் 96 கால் மணி நேரங்கள், ஆகவே ஒரு நாளுக்கு 3 சதவீதம் என்றால் கால் மணி நேரத்துக்குச் சுமார் 0.3 சதவீதம். சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் விலையில் அரை சதவீதம் கூட்டி வைத்தால் இந்த இடைவெளி பெரும்பாலும் மூடிவிடும். பிடிசிபேயில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது.

நடைமுறையில் தொல்லை தருவது விலையைவிடக் குறைவாக வந்து சேரும் பணம்தான். வாடிக்கையாளர் தன் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து நேராக அனுப்புவார், அது தன் கட்டணத்தை அந்தத் தொகையிலேயே கழித்துக்கொள்ளும், உங்களுக்கு 1,000-க்குப் பதில் 985 வரும். அவர் திரையில் "அனுப்பியாச்சு", உங்கள் திரையில் "பாக்கி". மீதி 15-ஐ அனுப்பச் சொன்னால் அதற்கே இன்னொரு கட்டணம். ஸ்டீம் என்ற பெரிய கேம் விற்பனைத் தளம் 2017 டிசம்பரில் பிட்காயினை நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று: பரிவர்த்தனைக் கட்டணம் 20 டாலரை நெருங்கியிருந்தது, நேரத்துக்குள் பணம் சேராமல் விலை மாறினால் மீதியைக் கேட்கவோ திருப்பித் தரவோ வேண்டும், அதற்கும் அதே கட்டணம். அவ்வளவு பெரிய நிறுவனமே கைவிட்ட சங்கடத்தை நீங்கள் கல்லாவில் நின்று தீர்க்க முடியாது, ஆகவே ஒன்றிரண்டு சதவீதம் குறைந்தாலும் ஏற்றுக்கொள் என்று முன்பே அமைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பொருளை எப்போது கையில் கொடுப்பது என்பது. பிட்காயினில் பரிவர்த்தனையை உறுதியாக்கும் ஒரு பிளாக் வரச் சராசரியாகப் பத்து நிமிடம், சமயத்தில் நாற்பது நிமிடமும் ஆகும். பிடிசிபே திரையில் Processing என்று வந்தால் பணம் கிளம்பிவிட்டது, இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். அந்த நிலையில் அனுப்பியவர் கூடுதல் கட்டணம் வைத்து அதே காசை வேறு முகவரிக்குத் திருப்பிவிட முடியும். Settled வந்தால்தான் உங்களுடையது. கூரியரில் அனுப்பும் பொருள் என்றால் காத்திருக்கலாம், எதிரே ஆள் நிற்கும்போது முடியாது. அதற்குப் பிட்காயினை உடனுக்குடன் அனுப்பும் லைட்னிங் என்ற தனி வழி இருக்கிறது, சில நொடிகளில் முடியும், சில்லறைத் தொல்லையும் இல்லை. ஆனால் சொந்தமாக நடத்தினால் உங்கள் சேனலில், அதாவது லைட்னிங்கில் பணம் போய்வரும் பாதையில், உள்ளே வருவதற்கு இடம் இருக்க வேண்டும். அது நிரம்பினால் வாடிக்கையாளருக்கு வெறுமனே "தோல்வி" என்று வரும், காரணம் உங்களுக்கும் உடனே புரியாது. லைட்னிங் வேண்டும் என்றால் அதை ஏற்கும் கேட்வே வழியாக வாங்குவதையே சிபாரிசு செய்வேன்.

அப்புறம் ஸ்டேபிள்காயின். விலை ஆட்டம் என்ற தலைவலி பெருமளவு போய்விடும், ஒரு வாரம் வைத்திருந்தாலும் தூக்கம் கெடாது, டாலருக்கும் உங்கள் பணத்துக்கும் இடையில் நடக்கும் அசைவு மட்டும்தான் மிச்சம். வெளிநாட்டு வாடிக்கையாளர் அதிகம் உள்ள கடைக்கு இதுவே எளிது. ஆனாலும் "ஸ்டேபிள்" என்ற பெயரை அப்படியே நம்ப வேண்டாம். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது USDC-இன் கையிருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது, அந்த வார இறுதியில் ஒரு டாலர் காயின் 90 சென்டுக்குக் கீழே போய் இரண்டு மூன்று நாளில் மீண்டது. மீளும் என்று தெரியாமல் சனிக்கிழமை விற்றவர்களுக்கு அது உண்மையான நஷ்டம்.

இதில் நான் கற்றுக்கொண்ட பாடம் வேறு மாதிரி. ஆரம்பத்தில் ஒருவர் USDT அனுப்பினார், வாலட்டில் 300 என்று காட்டியது, பெயரும் படமும் அச்சு அசலாக இருந்தன. விற்கப் போனபோதுதான் தெரிந்தது, அது யாரோ உருவாக்கிய போலி டோக்கன். பெயரும் படமும் யாரும் வைத்துக்கொள்ளலாம், டோக்கனை இயக்கும் நிரலின் முகவரியான காண்ட்ராக்ட் முகவரியைத்தான் நகலெடுக்க முடியாது. அதிலிருந்து வாலட் காட்டும் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், முகவரியை வெளியீட்டாளரின் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுகிறேன். நெட்வொர்க்கும் அப்படித்தான்: ட்ரான் நெட்வொர்க்கின் TRC-20 என்றால் TRC-20 மட்டும், கல்லாவில் ஒரே ஒரு நெட்வொர்க்கின் கியூஆர் கோடு மட்டும் இருக்கட்டும். இன்னும் ஒன்று, ட்ரான் நெட்வொர்க்கில் வாங்கிய USDT-ஐ வெளியே அனுப்ப வாலட்டில் ட்ரானின் சொந்தக் காயினான TRX கொஞ்சம் வேண்டும். அது இல்லாமல் நிறையப் பணம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் நகர்த்த முடியாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குக் கேட்வே மேல் பெரிய பாசம் இல்லை. ஒரு தடவை ஒரு கேட்வே என் பணத்தை "சரிபார்ப்பு" என்று பதினோரு நாள் நிறுத்தி வைத்தது, அந்தப் பதினோரு நாளும் சரக்குக்கு நான் கைக்காசு போட்டேன். ஆனாலும் மேலே உள்ள கணக்கை வைத்துப் பார்த்தால், கிரிப்டோ விற்பனை மொத்தத்தில் சிறு பங்காக இருக்கும் கடைக்கு அந்த ஒரு சதவீதம் மலிவு. பணம் மாட்டினால் தாங்குவதற்காக, அங்கே நிலுவையில் நிற்கும் தொகையை ஒரு வார விற்பனைக்கு மேல் ஏறவிடாதீர்கள். கணினியோடு மல்லுக்கட்டப் பொறுமையுள்ள ஆள் கடையிலேயே இருந்தால் சொந்த வாலட்டும் தினசரி விற்பனையும் சரிதான். வாரம் சேர்த்து விற்பது மட்டும் எந்தக் கணக்கிலும் ஒத்து வரவில்லை. காயின் விலை ஏறும் என்று நம்பினால் லாபத்திலிருந்து எடுத்துத் தனியாக வாங்கி வையுங்கள், சரக்கு வாங்க வேண்டிய காசை அதில் வைக்காதீர்கள்.

எந்த வழியானாலும் ரசீதில் உள்ளூர்ப் பணத் தொகை, வந்த காயின் அளவு, அந்த நேரத்து விலை மூன்றும் இருக்கட்டும். வரிக் கணக்குக்கு மட்டும் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒருவர் பொருளைத் திருப்பிக் கொண்டுவருவார், அதற்குள் காயின் 15 சதவீதம் ஏறியிருக்கும், "நான் கொடுத்தது 0.001, அதையே கொடுங்கள்" என்பார். திருப்பித் தருவது உள்ளூர்ப் பணத்தின் மதிப்பில்தான் என்று ரசீதிலேயே அச்சாகியிருந்தால் பேச்சு அங்கேயே முடியும். திருப்பி அனுப்பும்போது அவர் அனுப்பிய பழைய முகவரிக்கே அனுப்பிவிடாதீர்கள், அது எக்ஸ்சேஞ்சின் பொது முகவரியாக இருந்தால் பணம் அவருக்குப் போய்ச் சேராது, புதிதாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.