இறக்கம் முடிஞ்சிருச்சும்மா

ஏற்காடு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். ஏரி இருந்தது, கூட்டம் இருந்தது, மிளகாய் பஜ்ஜி இருந்தது, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் எழுத உட்கார்ந்தது திரும்பி வந்த பஸ்ஸைப் பற்றி. நடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, ஸ்கார்பரோவில் பனி தள்ளிக்கொண்டிருக்கும்போதுகூட அதை நினைத்துத் தனியாகச் சிரிக்கிறேன், உடனே கோபமும் வருகிறது.

முதலில் ஒரு விஷயம். நான் சேலத்துக்காரன். மனைவி யாழ்ப்பாணத்து வடமராட்சி, நெல்லியடிப் பக்கம். கல்யாணம் டொரன்டோவில். பதினோரு வருடக் குடித்தனத்தில் அவள் பேசுவது எனக்கும் நான் பேசுவது அவளுக்கும் முழுசாகப் பழகிவிட்டதால், இரண்டும் வேறு வேறு பேச்சு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அந்த மறதிதான் எங்களை அன்றைக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வைத்தது.

அத்தை வீடு மலையடிவாரத்தில். செக்போஸ்ட் தாண்டிக் கோரிமேடு போகிற வழியில் ஒரு மாரியம்மன் கோயில், அங்கே இறங்கினால் பக்கம். ஆனால் அது ஸ்டேஜ் இல்லை. பழைய ஆட்களுக்குத் தெரியும், டிக்கெட் ஸ்டேஜ் கணக்கில்தான் கிழிப்பார்கள், நடுவில் இறங்குகிறவன் அடுத்த ஸ்டேஜுக்குக் காசு கொடுத்துவிட்டு, இடம் வரும்போது குரல் கொடுக்க வேண்டும். நானும் அப்படித்தான் இரண்டு கோரிமேடு வாங்கினேன். இப்போது கிழிப்பதில்லை, கையில் மிஷின், அது கிர்ரென்று துப்புகிறது. விசில் மட்டும் அப்படியே இருக்கிறது, ஒரு விசிலுக்கு நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும். அதைக் கேட்டதும் எனக்குப் பள்ளிக்கூட நாளெல்லாம் நினைவுக்கு வந்து கண் கலங்கியது என்றால் பொய்யில்லை. கண்டக்டரிடம் கோயில் ஸ்டாப் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். சொல்லவில்லை. சொந்த ஊர் என்கிற திமிர்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். மனைவிக்கு முன்பக்கம் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் கிடைத்தது. எனக்குக் கடைசி நீள சீட், மடியில் யாரோ கொடுத்த பலாப்பழப் பை. கோயில் வந்ததும் நீயே கேட்டு இறங்கு, நான் பின்வாசல் வழியாக இறங்கிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு நான் கண்ணை மூடினேன்.

மலைப்பாதை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் கணக்கு, அதனால் என்ஜின் முனகிக்கொண்டே வரும், பிரேக் பிடிக்கப் பிடிக்க ஒரு கருகல் வாடை வேறு. முன்சீட்டில் ஒரு பாட்டிக்கு அந்த வாடையிலேயே பயம் பிடித்துவிட்டது. "எறக்கம் ஜாஸ்தியா இருக்கே தம்பி, பிரேக்கு நிக்குமா?" என்று வளைவுக்கு வளைவு கண்டக்டரைக் கேட்டுக்கொண்டே வந்தாராம். இது எனக்கு அப்புறம்தான் தெரியும், நான் பலாப்பழத்தோடு தூக்கம். கண்டக்டரும் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார், வாந்தி எடுத்த ஒரு பையனுக்குக் கேரி பேக் கொடுத்திருக்கிறார், எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செக்போஸ்ட் தாண்டியது. கோயில் கோபுரம் தெரிந்ததும் மனைவி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை பஸ்ஸில் போகிற எந்தப் பெண்ணும் சொல்வதைச் சொல்லியிருக்கிறாள்.

"அண்ணை, இறக்கம் இருக்கு!"

அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். இங்கே ஆள் இறங்க வேண்டும், பஸ்ஸை நிறுத்துங்கள். "சந்தியில இறக்கம்" என்பார்கள், "கோயிலடியில இறக்கம்" என்பார்கள், அவசரத்தில் வெறும் "இறக்கம்" என்று மட்டும் கத்துவார்கள், கொண்டக்டர் உடனே நிறுத்தச் சொல்லிவிடுவார். நாங்கள் "இறங்கணும்" என்று வினையாகச் சொல்வதை அவர்கள் பெயராக்கிப் பஸ்ஸுக்கென்றே வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் இறக்கம் என்றால் சரிவு. ஏற்றத்துக்கு எதிர்ப்பதம். ரோட்டுக்கு உண்டு, விலைவாசிக்கு உண்டு, பயணிக்குக் கிடையாது.

இருபது வளைவாக ஒரு பாட்டியிடம் இறக்கத்தைப் பற்றியே பேசி வந்த மனிதரிடம் போய் இன்னொரு பெண் "இறக்கம் இருக்கு" என்றால் அவர் என்ன நினைப்பார்? இதுவும் ஒரு பயந்த கேஸ் என்று நினைத்திருக்கிறார். அன்பாகச் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

"இறக்கமெல்லாம் முடிஞ்சிருச்சும்மா. உக்காருங்க."

இப்போது இதை நெல்லியடிக் காதால் கேட்டுப் பாருங்கள். இறங்குகிற நேரம் முடிந்துவிட்டது, இனிமேல் யாரையும் இறக்கிவிட மாட்டோம், உட்கார்! அவளுக்கு வந்ததே கோபம். டொரன்டோவில் பட்டனை அழுத்தினால் முன்னால் பலகையில் ஸ்டாப் ரிக்வெஸ்டட் என்று விளக்கு எரியும், அடுத்த ஸ்டாப்பில் பஸ் நிற்கும், யாரும் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். இங்கே வாய் திறந்து கேட்டும் மாட்டேன் என்கிறாரே.

"முடிஞ்சுதெண்டால்? நான் இன்னும் இறங்கேல்லையே அண்ணை!"

"எல்லாரும் சேர்ந்துதாம்மா இறங்குனோம். இனிமே சமதரைதான், பயப்படாதீங்க."

"எல்லாரும் எங்க இறங்கினவை? எல்லாரும் உள்ளுக்கத்தானே இருக்கினம்!"

கண்டக்டர் இந்த இடத்தில் பஸ்ஸை ஒரு தடவை எட்டிப் பார்த்தாராம், எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்களா என்று சரிபார்ப்பது மாதிரி. அதற்குள் கோபுரம் பின்னால் போயாகிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா இவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, "மொத தடவை மலைக்கு வந்தீங்களா, அப்படித்தான் இருக்கும், கண்ணை மூடிக்கோங்க" என்று ஆறுதல் வேறு. பயந்த பாட்டி மட்டும் இவள் பக்கம், "நானும் அதத்தான் கேக்கறேன், எறக்கம் இன்னும் இருக்குதுங்குது அந்தப் பொண்ணு, நீ முடிஞ்சிருச்சுங்கற" என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போயிருக்கிறார். ஒரே பஸ்ஸில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று பேர் மூன்று விதமாகப் பேசியிருக்கிறார்கள், இதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

கடைசியில் அவள் பின்பக்கம் திரும்பிப் பெரிய குரலில் "இஞ்சாருங்கோ!" என்றாள். அந்தச் சத்தத்துக்குத்தான் எனக்கு முழிப்பு வந்தது. மொத்தப் பஸ்ஸும் என்னைப் பார்க்கிறது. ஜன்னலில் பார்த்தால் தெரியாத கடைகள். "ஆள் இறங்கணுங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். கண்டக்டர் விசிலை ஒரு முறை ஊதினார், பஸ் நின்றது. ஐந்து நிமிடச் சண்டைக்கு முடிவு அந்த ஒரு வினைச்சொல்.

நான் முன்னால் போய் விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் முகத்தில் அடித்துக்கொண்டார். "இறங்கணும்னு சொல்லக் கூடாதாங்க, நான் இறக்கத்துக்குப் பயப்படறாங்கன்னுல்ல நெனச்சேன்." மன்னிப்பும் கேட்டார். ஆனால் பஸ்ஸைப் பின்னால் எடுக்க முடியாது, எதிர்ப்பக்கம் டவுன் பஸ் எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை. ஆட்டோக்காரர் அந்த ஒன்றரை கிலோமீட்டருக்கு நூற்றைம்பது கேட்டார். கனடா டாலரில் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லைதான். ஊர் மண்ணில் கால் வைத்தால் எனக்கு ரூபாய்க் கணக்குதான் ஓடும், டாலர்க் கணக்கு ஓடாது. பலாப்பழப் பையோடு நடந்தோம்.

வழியெல்லாம் அவள் பேசவில்லை. பாதி தூரத்தில் கேட்டாள், "நீங்க எங்கட ஊர் பஸ்ஸில என்ன சொல்லி இறங்கினீங்கள்?" யோசித்துப் பார்த்தேன். நான்கு வருடம் முன்பு நெல்லியடியில் "இறங்கணும்" என்றுதான் சொன்னேன். கொண்டக்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை, நிறுத்தினார். மிச்சக் காசை நான் "பாக்கி" என்று கேட்டபோதும் எடுத்துக் கொடுத்தார். அவர்களுக்கு நம் பேச்சு புரியும், படத்திலும் டிவியிலும் பிறந்ததிலிருந்து கேட்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்க நமக்கு அப்படி ஒரு வழியும் இல்லை, தேடவும் இல்லை. எனக்கே டொரன்டோ போய்த்தானே அவர்கள் பேச்சு காதில் விழுந்தது. இதை அவளிடம் சொன்னபோது, "அப்ப நான்தான் மாத்திக் கதைக்கோணும், என்ன?" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது? பலாப்பழத்தைக் கை மாற்றிக்கொண்டேன்.

அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது, சுட்ட தோசை ஆறி வரட்டியாகியிருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார், நான் முதலிலிருந்து கதையைச் சொன்னேன். அத்தை முந்தானையால் வாயை மூடிச் சிரித்து முடித்துவிட்டு, என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்:

"அட நீ வேற, நான் வேற நெனப்புல இருந்தேன் கண்ணு. டெய்லர் உன் ஜாக்கெட்டுக்காக ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டான். கழுத்து எறக்கம் எவ்வளவு வைக்கட்டும்னு கேக்கறான்."